வசனத்தின் மூச்சு போதும், சொல் வேண்டாம்

கேள்வி: மார்த்தாண்டத்தில் அம்மாவும் சித்தியும் நேந்திரங்காய் சிப்ஸ் கடை வைத்திருக்கிறார்கள். கடை வாசலிலேயே தேங்காய் எண்ணெயில் பொரிக்கிறோம். பெயர்ப்பலகைக்கும் ஆட்டோ அறிவிப்புக்கும் ஒரு வரி வேண்டும். ரொம்பப் பிரபலமான ஒரு சினிமா வசனத்தில் ஒரே ஒரு சொல்லை மாற்றி எழுதிப் பார்த்தேன். எல்லோரும் சிரித்தார்கள். தங்கை மட்டும், “இது பழைய மீம் மாதிரி இருக்கு” என்றாள். வசனத்தில் இருக்கிற அந்தத் துள்ளல் வேண்டும். காப்பி அடித்ததாக இருக்கக் கூடாது, இரண்டு வருஷத்தில் பழசாகவும் ஆகக் கூடாது. எப்படி எழுதுவது?
— ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்:

தம்பி, உங்கள் தங்கை சொன்னது சரி. அவர் காதில் பட்ட குறை என்னவென்று முதலில் பார்த்துவிடுவோம், மீதி அதிலிருந்தே வரும்.

சொல்லை மாற்றி எழுதிய வரியைக் கேட்கும்போது நம் மனசு அசல் வசனத்தைத்தான் கேட்கிறது. மாற்றிய சொல் அதன்மேல் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி நிற்கும். முதல் தடவை சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு படத்தை ஞாபகப்படுத்தியதற்கு வந்த சிரிப்பு, சிப்ஸுக்கு வந்ததில்லை. பத்தாவது தடவை கேட்கும்போது ஞாபகமும் சலித்துப்போகும்.

எனக்கே இது நடந்திருக்கிறது. பல வருஷம் முன்னால் நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக் கடையின் ஆடித் தள்ளுபடிக்கு, அப்போது ஓடிக்கொண்டிருந்த ஒரு படத்தின் வசனத்தை இப்படித்தான் திருப்பிப் போட்டேன். ஆடி மாதம் முழுக்க நன்றாகப் பேசப்பட்டது. கடைக்காரருக்குப் பிடித்துப்போய் அதையே நிரந்தரப் பலகையிலும் எழுதிவிட்டார். அடுத்த ஆடிக்குள் அந்த வசனத்தை ஊரில் யாரும் சொல்வதில்லை, பலகை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். அதன் பிறகு வசனத்திலிருந்து எதை எடுக்கலாம், எதை விட வேண்டும் என்று நிதானமாகப் பிரித்துப் பார்க்கப் பழகினேன்.

உங்களுக்குப் பிடித்த வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சொல்லே இல்லாமல், “தானா தன்னன்னா... தன்னா” என்று முனகிப் பாருங்கள். எங்கே மூச்சு நிற்கிறது? பெரும்பாலான பஞ்ச் வசனங்களில் முதல் பாதி கொஞ்சம் நீளமாக ஓடும், அப்புறம் ஒரு நிறுத்தம், அப்புறம் குட்டையாக ஒரு அடி. அந்த நிறுத்தத்தில்தான் கேட்பவன் முன்னால் சாய்கிறான். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால் இதற்கு வசதி அதிகம். என்ன நடக்கப்போகிறது என்பதைக் கடைசிச் சொல் வரைக்கும் ஒளித்துவைக்க முடியும்.

முனகிப் பார்த்த பிறகு இன்னொன்றையும் செய்யுங்கள். அதே வசனத்தைத் தங்கையிடம் கொடுத்து, செய்தி வாசிப்பது போல உணர்ச்சியே இல்லாமல் வாசிக்கச் சொல்லுங்கள். தியேட்டரில் நாம் கேட்டது வசனத்தை மட்டும் இல்லையே. பின்னணி இசை, மெதுவாகத் திரும்பும் முகம், கூட்டத்தின் விசில் எல்லாம் சேர்ந்துதான் அந்தத் துள்ளல். வெறும் வாசிப்பில் பாதி வசனங்கள் படுத்துவிடும். படுத்துவிடுகிற வசனத்திலிருந்து தாளம் எடுக்க முடியாது. அதன் பலம் இசையில் இருந்திருக்கிறது, உங்கள் பலகைக்குப் பின்னணி இசை கிடையாது. வெறும் குரலிலும் நிற்கிற வசனம் எதுவோ அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது காப்பி என்ற விஷயம். வசனத்தின் அமைப்பை நான் அச்சு என்று சொல்வேன், முறுக்கு அச்சு மாதிரி. சில அச்சுகளுக்கு ஒரே ஒரு சொந்தக்காரர்தான். சொல்லை எல்லாம் மாற்றினாலும், அந்த எண்ணிக்கையோ அந்தத் திருப்பமோ காதில் விழுந்ததும் ஒரு நடிகர் கண்முன் வந்து நிற்பார். அந்த அச்சைத் தொட வேண்டாம். வேறு சில அச்சுகள் சினிமாவுக்கு முன்பிருந்தே ஊரில் இருப்பவை. “ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்” என்ற பழமொழியைச் சொல்லிப் பாருங்கள். இரண்டு சொல், ஒரு சின்ன நிறுத்தம், இன்னும் இரண்டு சொல். இரண்டு பாதியும் ஆ, அ என்று மோனையில் தொடங்குகின்றன. கடைசியில் வினை. ஆடி மாதம் ஆரல்வாய்மொழி வழியாகப் போனவர்களுக்கு அம்மி பறப்பதில் சந்தேகமே இருக்காது, அது தனி. இந்த அச்சு யாருடைய சொத்தும் இல்லை. நம் வசனகர்த்தாக்கள் பலரும் எடுத்துக்கொண்டது இதைத்தான். நிறுத்தத்தைக் கொஞ்சம் நீட்டி, கடைசிப் பாதியைக் கொஞ்சம் குறுக்கினார்கள், அது சினிமா வசனம் ஆகிவிட்டது. நீங்களும் அதே பொதுக் கிணற்றிலிருந்து இறைக்கலாம்.

ஒரு அச்சு பொதுவா தனியா என்று தெரிந்துகொள்ளச் சுலபமான வழி இருக்கிறது. உங்கள் வரியை ஐந்து பேரிடம் சொல்லி, “இது எந்தப் படம் மாதிரி இருக்கு?” என்று மட்டும் கேளுங்கள். மூன்று பேர் ஒரே படத்தைச் சொன்னால் வரியைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். ஆளுக்கொரு படம் சொன்னாலோ, “ஏதோ சினிமா மாதிரி இருக்கு, எதுன்னு தெரியல” என்றாலோ, தாளம் வந்திருக்கிறது, சொல் வரவில்லை என்று அர்த்தம். நமக்கு வேண்டியது அதுதான்.

சட்டத்தைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒற்றை வரிக்கு மட்டும் காப்புரிமை கொண்டாடுவது பொதுவாகக் கடினம். அதை நம்பி இறங்கிவிட முடியாது. படப் பெயர்களையும் சில வரிகளையும் வணிகச் சின்னமாகப் பதிவு செய்து வைப்பவர்கள் உண்டு, படத்தின் ஸ்டில்லைப் போட்டால் அது வேறு உரிமை. இவற்றைவிடப் பெரிய கண்ணி ஆட்டோ அறிவிப்பில் இருக்கிறது. மிமிக்ரி செய்பவரைப் பிடித்து நடிகர் குரலில் பேச வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ரஜினிகாந்த் ஒரு இந்திப் படத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், அனுமதி இல்லாமல் அவருடைய பெயர், உருவம், வசனம் பேசும் பாணி இவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. பேசும் பாணியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதை மனசில் வையுங்கள். சின்னக் கடைதானே என்று நினைக்க வேண்டாம், வாட்ஸ்அப்பில் போகிற வீடியோவுக்குச் சின்னது பெரியது கிடையாது.

சரி, வரி பழசாவது எதனால்? என் அனுபவத்தில் தாளம் பழசாவதே இல்லை. பழமொழிகளே சாட்சி. பழசாகிறவை இரண்டுதான். ஒன்று, அந்தந்த வருஷத்துச் சொல். கெத்து, மாஸ், வேற லெவல் போன்றவை வந்த வேகத்திலேயே தேய்கின்றன. இரண்டாவது, சொல்கிற ஆள். இதை யாரும் கவனிப்பதில்லை, ஆனால் வரியைச் சீக்கிரம் கெடுப்பது இதுதான்.

பஞ்ச் வசனத்தில் பேசுகிறவர் நாயகன். எதிரே நிற்கிறவன் வில்லன். அந்த வசனத்தை அப்படியே கடைப் பலகைக்குக் கொண்டுவந்தால், நாயகன் இடத்தில் கடைக்காரர் வந்துவிடுவார், வில்லன் இடத்தில் வாங்க வருகிறவர். “நாங்க யாருன்னு தெரியுமா” என்கிற தொனியில் எழுதிய எத்தனை பலகைகளைப் பார்த்திருப்பீர்கள்! கால் கிலோ சிப்ஸ் வாங்க வந்தவரை ஏன் மிரட்ட வேண்டும்? அந்த மிரட்டல் தோரணை ஒவ்வொரு தலைமுறை நாயகனோடும் மாறுகிறது. பழைய தோரணை உடனே பழசாகத் தெரியும். அதனால் மூச்சை வைத்துக்கொண்டு ஆளை மாற்ற வேண்டும். உங்கள் கடையில் அந்த வரியைச் சொல்ல உரிமை உள்ளவர் யார்? சட்டிக்கு முன்னால் நிற்கிற அம்மாதான். அம்மா யாரிடம், எதை, எப்போது சொல்வார் என்று யோசித்தால் வரி தானாக நெருங்கி வரும்.

இதை உங்கள் கடையை வைத்தே செய்து காட்டுகிறேன்.

ஒரு நாள் அரை மணி நேரம் சட்டிக்குப் பக்கத்தில் நோட்டோடு உட்காருங்கள். மொறுமொறு, சுவை, தரம் என்றெல்லாம் எழுதாதீர்கள். கண்ணால் பார்ப்பதையும் காதால் கேட்பதையும் மட்டும் எழுதுங்கள். நம் பக்கத்தில் சிப்ஸ் போடுகிற பல கடைகளில் நான் பார்த்தது இது: காயை எண்ணெய்க்கு மேலேயே பிடித்து நேராகச் சட்டிக்குள் சீவுகிறார்கள். விழுந்ததும் எண்ணெய் பெரிய சத்தம் போடுகிறது. நடுவில் மஞ்சளும் உப்பும் கரைத்த தண்ணீரை ஊற்றும்போது இன்னும் சீறுகிறது. காயில் இருக்கிற ஈரம் ஆவியாகப் போகப் போகச் சத்தம் குறைகிறது, குமிழி அடங்குகிறது. கரண்டியால் கிளறும்போது இப்போது சிப்ஸ் ஒன்றோடொன்று உரசிச் சலசலக்கிறது. அந்த நேரத்தில்தான் அள்ளுகிறார்கள். முன்னால் அள்ளினால் ஆறியதும் தொய்ந்துபோகும். கடிகாரம் பார்த்து யாரும் எடுப்பதில்லை, காதை வைத்துத்தான் எடுக்கிறார்கள்.

இந்தக் கடைசி விஷயத்தை எழுதியதுமே எனக்கு வரி கிடைத்துவிட்டது என்று தோன்றியது. கிடைக்கவில்லை. நான்கு தடவை எழுத வேண்டியிருந்தது.

முதலில் வந்தது: “சீவினா பொன்னு, பொரிச்சா மின்னு.” கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இது வசனம் இல்லை, ஜிங்கிள். இரண்டு பாதியும் ஒரே ஓசையில் முடிகின்றன. கடைசி ஓசை ஒத்துப்போவதை இலக்கணத்தில் இயைபு என்பார்கள். இயைபு வந்ததும் காது அதைப் பாட்டாகவோ கோஷமாகவோ எடுத்துக்கொள்ளும், பழைய வானொலி விளம்பரம் ஞாபகம் வரும். பஞ்ச் வேண்டும் என்றால் முடிவில் ஒத்த ஓசை வேண்டாம். தொடக்கத்தில் மோனை இருக்கட்டும், பொருளில் முரண் இருக்கட்டும்.

அடுத்தது: “நாங்க பொரிச்சா ஊரே மணக்கும்.” தாளம் சரி, கடைசியில் வினையும் இருக்கிறது. ஆனால் ‘நாங்க’ என்று ஆரம்பித்ததும் நாயகன் உள்ளே வந்துவிட்டான். அதோடு மீன் கடைக்காரரும் பஜ்ஜிக் கடைக்காரரும் இதையே சொல்லலாம். அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்ததில் ஒன்றுகூட இதில் இல்லை.

மூன்றாவது: “சத்தம் போடுறது எண்ணெய். பேர் வாங்குறது சிப்ஸ்.” இது எனக்குப் பிடித்திருந்தது. முரண் இருக்கிறது, சட்டியில் பார்த்த உண்மையும் இருக்கிறது. ஆனால் இரண்டு பாதியும் ஒரே நீளம், ஒரே அமைப்பு. தராசுத் தட்டு மாதிரி சமமாக நிற்பதால் அடி விழவில்லை. பலகைக்கு ஆறு சொல்லும் கொஞ்சம் அதிகம், பஸ்ஸில் போகிறவர் முதல் பாதியோடு கடந்துவிடுவார்.

நான்காவது இது:

சட்டி அடங்கட்டும்.
சிப்ஸ் பேசும்.

ஏன் இதை நிறுத்திக்கொண்டேன் என்று சொல்கிறேன். மாத்திரை எண்ணிப் பாருங்கள். குறிலுக்கு 1, நெடிலுக்கு 2, புள்ளி எழுத்துக்கு அரை. முதல் பாதி 8 மாத்திரை, இரண்டாவது பாதி 5½. ஓட்டம் நீளம், அடி குட்டை. தொடக்கத்தில் ச, சி மோனை இருக்கிறது. முடிவில் அடங்கட்டும், பேசும் இரண்டுமே ‘உம்’ என்ற ஓசையில் நிற்கின்றனவே, இயைபு வந்துவிடாதா என்று கேட்கலாம். சொல்லின் நீளமும் உள்ளே இருக்கிற ஓசையும் முழுக்க வேறாக இருப்பதால் பாட்டாக மாறவில்லை. பேசும் என்பதில் இருக்கிற நெடில்தான் அடியின் கனத்தைத் தாங்குகிறது. பொறுமையாக இருந்துவிட்டுப் பிறகு காரியத்தில் காட்டுகிற நாயகனின் மூச்சு இதில் முழுசாக இருக்கிறது, ஆனால் எந்த நாயகனும் இல்லை. எதிரி வாடிக்கையாளர் இல்லை, அவசரம்தான். முக்கியமாக, சொன்னது உண்மை. சட்டி அடங்கிய பிறகுதான் சிப்ஸுக்குச் சத்தம் வருகிறது. சந்தேகம் உள்ளவர் வாசலில் நின்று கேட்டுக்கொள்ளலாம்.

பழசாகாமல் இருப்பதற்கு இன்னொரு சின்ன காரணமும் இதில் உண்டு. அடங்கட்டும், பேசும் என்ற இரண்டு வினையும் எழுத்திலும் பேச்சிலும் ஒரே மாதிரி. ‘அடங்கணும்’, ‘பேசும்ல’ என்று எழுதியிருந்தால் இன்றைக்கு நெருக்கமாக இருக்கும், சில வருஷத்தில் எழுத்தைப் பார்த்தே காலம் சொல்லிவிடலாம். இந்த இரட்டை வினைகளைத் தேடிப் பிடிப்பது நான் எல்லா வரிக்கும் செய்கிற வேலை. போகும், இருக்கட்டும், தாங்கும், மணக்கும் என்று தமிழில் நிறைய இருக்கின்றன.

அப்படியானால் நம்ம ஊர்ப் பேச்சுக்கு இடமே இல்லையா? பலகையில் வேண்டாம், குரலில் வேண்டும். ஆட்டோ அறிவிப்பில் வரிக்கு முன்னால் “மக்களே” என்று ஒரு சொல் சேருங்கள். நம் மாவட்டத்தில் அம்மாக்களும் பாட்டிகளும் ஒரு பிள்ளையைக் கொஞ்சிக் கூப்பிடும்போதும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர் அதைப் பொதுமக்களே என்று எடுத்துக்கொள்வார், அதுவும் பொருந்தும். விளவங்கோட்டுக்காரர் காதுக்கு அது வீட்டுக் குரல். “மக்களே, சட்டி அடங்கட்டும். சிப்ஸ் பேசும்.” அடுப்படியில் அவசரப்படுகிற பிள்ளையிடம் அம்மா சொல்கிற மாதிரி ஆகிவிடுகிறது பாருங்கள். ‘மக்கா’ என்று போடலாமே என்று தோன்றும். அது கூட்டாளிக்குச் சொல்வது, உடனே இளவட்டக் குரல் வந்துவிடும், அதற்குப் பின்னாலேயே சினிமாவும் வந்துவிடும்.

வரியை முடிவு செய்வதற்கு முன்னால் ஒரு ராத்திரி விடுங்கள். இன்றைக்குக் கேட்டவரிடம் நாளைக்கு, “நேத்து ஒரு வரி சொன்னேனே, என்ன அது?” என்று கேளுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள், எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். இரண்டு மூன்று பேர், “சட்டி அடங்கினா சிப்ஸ் பேசும்” என்று மாற்றிச் சொன்னால் திருத்தாதீர்கள். ஊர் வாய்க்கு அதுதான் சுலபம் என்று அர்த்தம், அதையே எடுத்துக்கொள்வதைப் பற்றி யோசியுங்கள். அடி கொஞ்சம் குறையும், பழமொழித்தன்மை கூடும். ‘அடங்கட்டும்’ என்ற சொல்லே மறந்துபோய் ‘சட்டி நின்னா’ ‘சட்டி ஆறினா’ என்று தடுமாறினால் மட்டும் முதல் பாதியை மறுபடி எழுத வேண்டும். ஆறினா என்பது பொருளையும் கெடுத்துவிடும், ஆறிய எண்ணெயில் யாரும் பொரிப்பதில்லை.

பலகையில் இரண்டு வரியாகவே எழுதச் சொல்லுங்கள். வரி உடைகிற இடம்தான் உங்கள் நிறுத்தம். மூன்று புள்ளியும் ஆச்சரியக்குறியும் வேண்டாம், அவை போஸ்டரின் பழக்கம். பெயின்டர் இடம் போதவில்லை என்று ஒரே வரியில் சேர்த்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எழுத்தைச் சின்னதாக்கினாலும் பரவாயில்லை, இரண்டு வரி இருக்கட்டும்.

அறிவிப்புக்கு அம்மாவின் குரலே போதும். நடிக்கச் சொல்லாதீர்கள், கடையில் பேசுகிற மாதிரியே பேசட்டும். “மக்களே, சட்டி அடங்கட்டும்” என்றதும் குரலை நிறுத்தி, உங்கள் சட்டியில் போனில் பதிவு செய்த எண்ணெய்ச் சத்தத்தை இரண்டு நொடி விடுங்கள். பெரிதாகத் தொடங்கி அடங்குகிற பகுதியாகப் பார்த்து வெட்ட வேண்டும். அது அடங்கியதும் “சிப்ஸ் பேசும்”, அப்புறம் ஒரே ஒரு கடி. பதிவு செய்ததை மேம்பாலத்துக்குக் கீழே, சாயங்கால நெரிசலில் ஆட்டோவில் போட்டுக் கேட்டுப் பாருங்கள். ஹாரனில் எண்ணெய்ச் சத்தம் வெறும் இரைச்சலாகக் கேட்டால் அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு நொடி வெறும் மௌனம் விடுங்கள். கடிக்கிற சத்தம் மட்டும் கடைசியில் இருக்கட்டும்.